மாதப் பாதியில் வீடு காலி செய்தால் வாடகை எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மாதம் முடிவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போகிறோம், அந்த அரைகுறை மாதத்துக்கு எவ்வளவு கட்டுவது? எல்லாரும் அக்ரிமெண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (செந்தூல்): வாடகை 1,500 வெள்ளி. அக்டோபர் 18-ஆம் தேதி காலி செய்கிறேன். ஓனர் 900 கேட்கிறார். என் கணக்கில் 871தான் வருகிறது. யார் சரி?

பதில்: இரண்டு பேரும் 18 நாள் என்றுதான் எண்ணியிருக்கிறீர்கள். அது சரி. ஓனர் எந்த மாதமானாலும் 30 நாள் என்று வைத்து ஒரு நாளுக்கு 50 வெள்ளி போட்டிருக்கிறார். நீங்கள் அக்டோபருக்கு 31 நாள் என்று வகுத்து ஒரு நாளுக்கு 48.40 போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஆண்டு வாடகை 18,000-ஐ 365-ஆல் வகுத்தால் உங்கள் 18 நாளுக்கு 888 வெள்ளி வரும். இதில் எது என்று சொல்லும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அதில் ஒன்றுமே இல்லை என்றால், குடிவந்த மாதம் எந்தக் கணக்கில் வாங்கினாரோ அதே கணக்கில் இப்போதும் வாங்க வேண்டும். அன்றைய ரசீதைத் தேடுங்கள். முதல் தேதியில் குடிவந்தீர்கள், அதனால் அப்படி ஒரு ரசீதே இல்லை என்றால், அந்த மாதத்தில் உண்மையில் எத்தனை நாளோ அதை வைத்து வகுப்பதே நியாயம்.

கேள்வி (கெப்போங்): வாடகை 1,200. 20-ஆம் தேதி கிளம்புகிறேன். எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: எந்த மாதம் 20-ஆம் தேதி? ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது? நோட்டீஸ் கொடுத்தீர்களா, எப்போது? வாடகை மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறதா, நடுவிலா? இதில் ஒன்றுகூட எழுதாமல் பதில் கேட்டால் நான் எதை வைத்து வகுப்பது? பிப்ரவரி என்றால் 857 வெள்ளி, மார்ச் என்றால் 774. ஒப்பந்தம் இன்னும் எட்டு மாதம் ஓடுகிறது என்றால் இந்த இரண்டு எண்ணாலும் உங்களுக்குப் பயன் இல்லை. முழு விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): எங்கள் ஒப்பந்தம் 11 அக்டோபர் 2023 முதல் 10 அக்டோபர் 2025 வரை, இரண்டு வருடம். வாடகை 1,800 வெள்ளி. குடிவந்தபோது அக்டோபரின் மீதி நாளுக்கு மட்டும் கட்டினோம். பிறகு ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கட்டி வந்தோம். 10-ஆம் தேதி சாவியைக் கொடுத்தாயிற்று. "மாதம் பிறந்துவிட்டது, முழு மாத வாடகை" என்று சொல்லி ஏஜெண்டு டெப்பாசிட்டில் 1,800-ஐக் கழித்துவிட்டார். இது முறையா?

பதில்: முறையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. எத்தனையோ குடும்பங்கள் "அப்படித்தான் போல" என்று நம்பி இந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

நீங்கள் கையெழுத்துப் போட்டது 24 மாதத்துக்கு. அப்படியானால் முதல் வெள்ளியிலிருந்து கடைசி வெள்ளி வரை நீங்கள் கட்டிய மொத்த வாடகை 24 மடங்கு 1,800, அதாவது 43,200 வெள்ளியாக இருக்க வேண்டும். இதுதான் சோதனை. எந்த ஏஜெண்டு எந்தக் கணக்கைக் காட்டினாலும் இந்த மொத்தத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

உங்கள் கணக்கையே போடுவோம். 2023 அக்டோபரில் 11 முதல் 31 வரை, இரண்டு தேதியும் சேர்த்து 21 நாள். 1,800-ஐ 31-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 1,219 வெள்ளி. அடுத்து 2023 நவம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரை 23 முழு மாதங்கள், 41,400 வெள்ளி. கடைசியாக 2025 அக்டோபரில் 1 முதல் 10 வரை 10 நாள், 581 வெள்ளி. மூன்றையும் கூட்டுங்கள், 43,200 வரும். குடிவந்தபோது விட்டுப்போன 10 நாளைத்தான் கடைசியில் கட்டுகிறீர்கள். முன்னால் 21 நாள், பின்னால் 10 நாள், சேர்ந்தால் சரியாக ஒரு அக்டோபர்.

ஏஜெண்டு சொல்வதுபோல் கடைசி அக்டோபருக்கு முழுசாக 1,800 கொடுத்தால் மொத்தம் 44,419 ஆகிறது. 24 மாத ஒப்பந்தத்துக்கு 24 மாதத்துக்கும் மேல் இன்னொரு 21 நாள் வாடகை! அந்த 21 நாளும் சாவி அவர் கையில். "மாதம் பிறந்துவிட்டது" என்பது ஒப்பந்தம் முடிந்த தேதிக்குப் பிறகும் வாடகை வாங்கக் காரணம் ஆகாது.

இதிலேயே இன்னொரு சின்ன தில்லுமுல்லும் நடக்கும், கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் 30 நாள் கணக்கு என்று வைத்தால் முன்னால் 1,260, பின்னால் 600, இரண்டும் சேர்ந்து 1,860. ஒரு நாள் வாடகை கூடிவிடுகிறது. ஆனால் அக்ரிமெண்டில் 30 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 60 வெள்ளியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஏற்கவே கூடாதது என்னவென்றால், வரும்போது ஒரு வகுத்தல், போகும்போது வேறு வகுத்தல். அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ள இது ஏலக் கடை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மேலே உள்ள மூன்று தொகையையும் வாட்ஸ்அப்பில் எழுதி, முதல் மாத ரசீதையும் சாவி கொடுத்ததற்கான செய்தியையும் இணைத்து, ஏஜெண்டுக்கும் ஓனருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஓனருக்கு விஷயமே தெரியாமல் ஏஜெண்டு தன் பாட்டுக்குக் கழிப்பதும் உண்டு. அப்படியும் 1,219 வெள்ளி திரும்பி வரவில்லை என்றால், 5,000 வெள்ளிக்குட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். லாயர் வைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அதுவரை போகாது. கணக்கை எழுத்தில் பார்த்ததுமே பணம் வந்துவிடும்.

கேள்வி (பாயான் பாரு, பினாங்கு): 20-ஆம் தேதியே லாரி வைத்துச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். சாவியும் எக்சஸ் கார்டும் 26-ஆம் தேதிதான் கொடுத்தேன். வாடகை 20 நாளா, 26 நாளா?

பதில்: 26 நாள். சாவி கொடுக்கும் நாள்தான் கடைசி நாள், லாரி போன நாள் இல்லை. வீடு காலியாகக் கிடந்தாலும் சாவி உங்களிடம் இருக்கும்வரை அது உங்கள் வீடு. செக்யூரிட்டி பூத்தில் சாவியை வைத்துவிட்டுப் போவதும் சாவி கொடுத்ததாகாது. ஓனரோ ஏஜெண்டோ "வாங்கிக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதித் தர வேண்டும்.

கேள்வி (செராஸ்): ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. புது வீடு தயாராகாததால் செப்டம்பர் 6 வரை இருந்தேன். வாடகை 1,600. ஆறு நாளுக்கு 320 கொடுத்தேன். ஓனர் 640 கேட்கிறார்.

பதில்: கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4)(a) பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருப்பவரிடம் சாவி கைக்கு வரும்வரை இரட்டை வாடகை கேட்கும் உரிமையை ஓனருக்குத் தருகிறது. கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம். "ஆறு நாள் இருந்துகொள்ளுங்கள், பழைய வாடகையே போதும்" என்று அவர் முன்கூட்டியே எழுதியிருந்தால் அதைக் காட்டுங்கள், 320 போதும். வாய்ப்பேச்சாகச் சொன்னார் என்றால் நிரூபிப்பது உங்கள் பாடு. எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்று ஒவ்வொரு முறையும் இதற்காகத்தான் சொல்கிறேன்.

கேள்வி (பிறை): ஒரு வருடம் கழிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. ஒரு வருடம் தாண்டி, ஆகஸ்ட் 12-ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தேன். செப்டம்பர் கடைசியிலேயே புது வீட்டுக்குப் போகிறேன். செப்டம்பர் வரை கட்டினால் போதும்தானே?

பதில்: போதாது. நோட்டீஸ் கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டு மாதம் அக்டோபர் 12-ஆம் தேதி முடிகிறது. அக்டோபரில் 12 நாள் வாடகை உண்டு. உங்கள் வாடகை 1,400 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 542 வெள்ளி. வீட்டில் நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டீஸ் முடியும் தேதி வரை கட்ட வேண்டும். நோட்டீஸ் மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி இருந்தால் அக்டோபர் முழுவதும் உங்கள் தலையில். அந்த வரியை முதலில் தேடுங்கள். ஓனர் அதற்குள் வேறு ஆளைக் குடிவைத்துவிட்டால், அந்த நாளிலிருந்து உங்களை விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி (ஜாலான் ஈப்போ): நோட்டீஸ் என்ற பேச்சே எங்கள் அக்ரிமெண்டில் இல்லை. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இந்த மாதம் 15-ஆம் தேதி போனால் பாதி வாடகைதானே?

பதில்: இல்லை. நாள் கணக்கு என்பது ஒப்பந்தம் முறைப்படி முடிகிற மாதத்துக்கு. நடுவில் விட்டுப் போனால் டெப்பாசிட் போகும், அதற்கு மேலும் ஓனர் நஷ்டம் கேட்கலாம். பாதி மாதத்தோடு விட அவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே பாதி வாடகை. அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): கடைசி பத்து நாள் வாடகையை டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: கூடாது. டெப்பாசிட்டை வாடகையாகக் கழிக்கக்கூடாது என்று அக்ரிமெண்ட்களில் தனி வரியாகவே இருக்கும். பத்து நாள் வாடகையைக் கட்டி ரசீது வாங்குங்கள். பிறகு முழு டெப்பாசிட்டைக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு): கரண்டு, தண்ணீர் பில்லையும் இதே மாதிரி நாள் கணக்கில் பிரிக்கலாமா?

பதில்: மீட்டர் இருக்கும்போது நாள் கணக்கு எதற்கு? சாவி கொடுக்கும் நாளன்று இரண்டு மீட்டரையும் எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்புங்கள். அந்த எண் வரைக்கும் உங்கள் காசு, அதற்கு மேல் ஓடியது உங்களுடையது இல்லை. அறை வாடகையில் எல்லாம் அடக்கம் என்று பேசியிருந்தால் தனியாக ஒன்றும் இல்லை.

கேள்வி (செந்தூல், இன்னொருவர்): ஓனரோடு பேசி பிப்ரவரி 14-ஆம் தேதி கிளம்பச் சம்மதம் வாங்கிவிட்டேன். முழு மாதம் 1,400 ஏற்கெனவே கட்டியாயிற்று. எவ்வளவு திரும்ப வரும்?

பதில்: 28 நாள் பிப்ரவரி என்றால் சரிபாதி, 700 வெள்ளி. உங்கள் அக்ரிமெண்டில் 30 நாள் கணக்கு என்று இருந்தால் 14 நாளுக்கு 653 போக 747 வரும். பிப்ரவரியில் மட்டும் அந்தக் கணக்கு குடியிருப்பவருக்குச் சாதகம். 14-ஆம் தேதி மாலைக்குள் சாவி அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். 15-ஆம் தேதி காலையில் கொடுத்தால் 15 நாள்.