‘அதைச் சொன்னது நான் இல்லீங்க!’: கூட்டப் பதிவில் குரல் பிரிப்பது பற்றிச் சில கேள்விகள்

பேசியதை எழுத்தாக்குவதில் இப்போது பலருக்குப் பெரிய குறை இல்லை. எழுத்தானதை எவர் பேரில் போடுவது என்பதில்தான் தகராறு. ஸ்பீக்கர் டயரைசேஷன் என்று இதற்குப் பெயர். நான் குரல் பிரிப்பு என்றே சொல்கிறேன். வந்த கேள்விகளில் சில:

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தை மேசை நடுவில் போனை வைத்துப் பதிவு செய்தேன். எட்டுப் பேர் பேசினோம். மென்பொருள் ஐந்து பேர்தான் என்கிறது. நான் பேசியது பொருளாளர் பேரில் வந்து, அவர் சண்டைக்கு நிற்கிறார். ஏன் இப்படி?

மென்பொருளுக்கு உங்கள் எட்டுப் பேரையும் தெரியாது, எட்டுப் பேர் என்பதும் தெரியாது. அது முதலில் பேச்சு இருக்கும் இடத்தையும், மின்விசிறியும் நாற்காலி இழுக்கிற சத்தமும் மட்டும் இருக்கும் இடத்தையும் பிரிக்கிறது. பிறகு பேச்சைச் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் உள்ள குரலின் சாயலை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. எம்பெடிங் என்பார்கள், ஒரு துண்டுக்கு 192 எண்கள், 256 எண்கள் என்று உள்ளே இருக்கும் AI மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கடைசியில், ஒன்றுக்கொன்று நெருக்கமான வரிசைகளை ஒரே குவியலாகச் சேர்க்கிறது. ஒரு குவியல் என்றால் ஒரு ஆள். அவ்வளவுதான் அதன் கணக்கு.

எட்டு ஐந்தானது இந்தக் கடைசிப் படியில். எவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஒரே ஆள் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. கோடு தளர்ந்தால் அண்ணன் தம்பி குரல் ஒன்றாகிவிடும். போதாததற்கு, நிறையப் பேர் பயன்படுத்தும் `pyannote` போன்ற குரல் பிரிப்பு மென்பொருள்களில் மிகச் சின்னக் குவியல்களைப் பக்கத்துப் பெரிய குவியலோடு சேர்த்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. இருமலும் சிரிப்பும் தனி ஆளாகிவிடாமல் இருக்கத்தான் அது. ஆனால் கூட்டம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு இரண்டு வரி மட்டும் பேசியவரும் அதில் காணாமல் போவார். நீங்கள் அதிகம் பேசாதவர் என்று நினைக்கிறேன்.

ஆள் எண்ணிக்கை தெரிந்தால் `pyannote`-இடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்:

```python
pipeline("koottam.wav", num_speakers=8)
```

கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ண வேண்டாம், வாய் திறந்தவர்களை எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் ஒன்று கூட்டியே சொல்லுங்கள். ஒருவரே இரண்டு பேராகப் பிரிந்து வந்தால், ஒரு பெயரைத் தேடி மாற்றினால் முடிந்தது. இரண்டு பேர் ஒன்றாகக் கலந்துவிட்டால் முழுக் கூட்டத்தையும் உட்கார்ந்து கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஆளுக்கு ஆள் மென்பொருள் போடும் ‘SPEAKER_00’ போன்ற ஒவ்வொரு அடையாளத்திலும் ஆரம்பத்தில், நடுவில், கடைசியில் ஒவ்வொரு துண்டைக் கேளுங்கள். எட்டுப் பேருக்கு இருபத்து நான்கு துண்டுகள்; ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் நேர் எதிர். ஒரே மேலாளர் ‘SPEAKER_01’ ஆகவும் ‘SPEAKER_05’ ஆகவும் வருகிறார்.

நடுவில் எழுந்து போய் வெள்ளைப் பலகை அருகே நின்று பேசினாரா? அல்லது பாதிக் கூட்டத்தில் கிளம்பி, மீதிக்குக் காரிலிருந்து போனில் சேர்ந்தாரா? எம்பெடிங்கில் குரல் மட்டும் பதிவதில்லை, அந்தக் குரல் வந்த வழியும் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலிருக்கும் கூர்மை எல்லாம் அங்கேயே போய்விடும். தூரத்தில் நின்றால் அறையின் எதிரொலி சேர்ந்துகொள்ளும். நமக்கு அதே மனிதர், கணக்குக்கு வேறொருவர். மேலே சொன்னபடி இது சுலபமான தவறு, சேர்த்துவிடுங்கள்.

ஒரு தீர்மானத்துக்கு ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்றேன். எழுத்தில் ‘எனக்குச் சம்மதம்’ என்று மட்டும் வந்திருக்கிறது. வேண்டுமென்றே வெட்டிவிட்டார்களா?

யாரும் வெட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்து பேசியவரின் வரியைப் பாருங்கள். அது ‘இல்லை’ என்று தொடங்குகிறதா?

இந்த ஒரு தவறுக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். எழுத்தாக்குவது ஒரு மென்பொருள், குரல் பிரிப்பது இன்னொன்று. முதலாவது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நேரம் போடுகிறது. இரண்டாவது, யார் எந்த நேரத்தில் பேசினார் என்று ஒரு பட்டியல் தருகிறது. இரண்டையும் ஒட்டும்போது, ஒரு சொல்லின் நேரம் யாருடைய பங்கில் அதிகம் விழுகிறதோ அவருக்கே அந்தச் சொல். இரண்டில் ஏதாவது ஒன்று கால் வினாடி பிசகினாலும், எல்லையில் நிற்கும் சொல் பக்கத்து ஆளிடம் போய்விடும்.

என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு பதிவில் நடந்தது இது. பேசியவர் சொன்னது ‘லிஃப்டுக்குத் தனியாகப் பணம் வசூலிக்க எனக்குச் சம்மதம் இல்லை’. ‘இல்லை’யின் வால் இழுபடும்போதே தலைவர் குறுக்கே புகுந்து ‘சரி, அடுத்து தண்ணீர்த் தொட்டி’ என்றுவிட்டார். தாளில் இப்படி வந்தது:

```
SPEAKER_02: லிஃப்டுக்குத் தனியாகப் பணம் வசூலிக்க எனக்குச் சம்மதம்
SPEAKER_00: இல்லை சரி அடுத்து தண்ணீர்த் தொட்டி
```

ஒலியை எழுத்தாக்கியதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் மறுப்பு ஒப்புதலாகிவிட்டது. நம் மொழியில் ஆமா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தெரியும். ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘முடியாது’ எல்லாம் வாலில்தான் உட்காரும். ஆள் மாறும் எல்லை பிசகும் இடமும் அதே வால். அதனால் ஆள் மாறும் இடங்களில், அடுத்தவர் வரி இந்தச் சொற்களில் ஒன்றோடு தொடங்கினால் கட்டாயம் ஒலியைக் கேளுங்கள்.

எல்லோரும் ‘சரி, சரி’ என்று ஒத்துக்கொண்ட இடத்தில் ஒரே ஒருவர் பேர்தான் வந்திருக்கிறது. மற்றவர்கள் எங்கே?

குரல் பிரிப்பின் முடிவை RTTM என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக எடுக்கலாம். அதில் மூன்று வரி:

```
SPEAKER koottam 1 754.20 6.85 <NA> <NA> SPEAKER_02 <NA> <NA>
SPEAKER koottam 1 761.30 0.42 <NA> <NA> SPEAKER_04 <NA> <NA>
SPEAKER koottam 1 761.95 9.10 <NA> <NA> SPEAKER_02 <NA> <NA>
```

முதலில் வரும் பெரிய எண் தொடங்கிய வினாடி, அடுத்தது எவ்வளவு நேரம் என்பது. நடு வரியைப் பாருங்கள், 0.42 வினாடி. ஒரு ‘சரி’ அவ்வளவுதான் நீளும். அரை வினாடிக்குள் குரலின் சாயலைப் பிடிப்பது கஷ்டம். அடுத்த அறையிலிருந்து ‘ம்’ என்று மட்டும் கேட்டால் வீட்டில் யாரென்று நாமே தடுமாறுவோம் இல்லையா? SPEAKER_04 என்று அது போட்டதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வினாடிக்குக் குறைவான வரிகளைத் தனியாக எடுத்து வைத்து, முடிவெடுத்த இடங்களில் வருபவற்றை மட்டும் காதால் கேட்டுத் திருத்துவேன். மற்றவை எப்படியிருந்தால் என்ன.

ஒரே நேரத்தில் பலர் பேசுவது இதைவிடச் சிக்கல். `pyannote/segmentation-3.0` என்ற மாதிரி பத்துப் பத்து வினாடியாகப் பார்க்கிறது. ஒரு பத்து வினாடிக்குள் அதிகபட்சம் மூன்று குரல், ஒரே நொடியில் அதிகபட்சம் இரண்டு குரல். அதற்கு மேல் அதன் விடைத்தாளில் இடமே கிடையாது. எட்டுப் பேர் சேர்ந்து ‘சரி’ என்றால் இரண்டு பேருக்கு மேல் வர வழியில்லை. அந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தாலும், ஒலி இன்னும் கலந்தேதான் இருக்கும். எழுத்தாக்கும் மென்பொருள் சத்தமாகப் பேசியவரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும்.

இதற்கு மென்பொருளில் வைத்தியம் தேடாதீர்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் ‘ஆதரவு ஆறு, எதிர்ப்பு இரண்டு, எதிர்த்தவர்கள் இன்னார், இன்னார்’ என்று தலைவர் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியம் பதிவில் இருந்தால் போதும்.

துல்லியம் 85 சதவீதம் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

எதை எதால் வகுத்தார் என்று கேளுங்கள். வழக்கமான அளவு DER என்பது, அதாவது குரல் பிரிப்பின் பிழை விகிதம். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான NIST நடத்திய போட்டிகள் வழியாகப் பரவியது. பேசியும் விட்டுப்போன நேரம், பேசாமலே பேச்சென்று எடுத்த நேரம், ஆள் மாறிப்போன நேரம், மூன்றையும் கூட்டி மொத்தப் பேச்சு நேரத்தால் வகுப்பார்கள். உதாரணமாக மொத்தப் பேச்சு 480 வினாடி. விட்டது 24, சும்மா எடுத்தது 12, ஆள் மாறியது 36. கூட்டினால் 72. பிழை 15 சதவீதம், அதை 85 சதவீதத் துல்லியம் என்று விற்பார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் இது வினாடியை எண்ணுகிறது. பொருளாளர் அரை மணி நேரம் வரவு செலவு வாசித்ததைச் சரியாகப் பிடித்தால் மதிப்பெண் ஏறிவிடும்; நாலு ‘இல்லை’ தவறினால் இரண்டு வினாடிகூடக் குறையாது. இன்னொன்று, பேச்சின் எல்லைகளில் இருபுறமும் 0.25 வினாடியைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கம் பல சோதனைகளில் உண்டு. பேச்சு சரியாக எந்த நொடியில் முடிகிறது என்று குறிக்கும் மனிதர்களே வேறுபடுவார்கள் என்பதால் அந்தச் சலுகை, நியாயம்தான். ஆனால் நம்முடைய ‘இல்லை’ வழுக்கி விழுந்தது அந்தக் கால் வினாடிக்குள்தானே. சில சோதனைகளில் ஒன்றின் மேல் ஒன்று பேசும் இடங்களையும் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டு சலுகையும் எடுத்தாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தாலே பாதி நம்பலாம்.

நாங்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவோம். குழம்பாதா?

பிரிப்பதில் பெரிதாகக் குழம்பாது. அது சொல்லைப் பார்ப்பதில்லை, குரலைத்தான் பார்க்கிறது. இந்த மாதிரிகள் பல VoxCeleb என்ற தொகுப்பில் பழகியவை. யூடியூபில் உள்ள பிரபலங்களின் பேட்டிகளிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கானோர் குரல். மொழிக் கலப்பில் தடுமாறுவது எழுத்தாக்கும் பகுதி.

ஒலிப்பதிவை இரைச்சல் நீக்கிச் சுத்தப்படுத்திக் கொடுத்தால் நன்றாக வருமா?

பெரும்பாலும் வராது. இரைச்சலோடு சேர்த்தே பழக்கப்பட்ட மாதிரிகள் இவை. துடைக்கும்போது குரலின் சாயலும் கொஞ்சம் துடைபட்டுப் போகும். மைக்கை மின்விசிறிக்கு அடியிலிருந்து நகர்த்துங்கள், அதில் பலன் அதிகம்.

ஜூம் கூட்டத்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். கணினியில் பதிவு செய்யும்போது ஒவ்வொருவருக்கும் தனி ஒலிக்கோப்பாகச் சேமிக்க ஜூம் அமைப்புகளில் வழி இருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன்னே அதைப் போட்டுவிட்டால் பிரிக்கும் வேலையே இல்லை. கோப்பின் பெயரிலேயே ஆள் தெரியும், குறுக்கே பேசினாலும் அவரவர் குரல் அவரவர் கோப்பில். ஒரே மடிக்கணினி முன்னால் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த ஒரு கோப்பைப் பிரிக்க வேண்டி வரும். அதற்கு `num_speakers=2`.