ஆண்டின் கடைசி வாரத்தில் விற்ற சரக்கு

கேள்வி: லாபம் வருடா வருடம் ஏறுகிறது, தணிக்கையாளரும் கையெழுத்திட்டிருக்கிறார். கணக்கு ஜோடிக்கப்பட்டதா என்று வெளியாள் ஒருவர் ஆண்டறிக்கையை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும், ஆனால் லாப நட்டக் கணக்கை மட்டும் படித்தால் முடியாது. நீங்கள் பங்கை வாங்கிவிட்டு அதன் பிறகுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன். வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், டீலர்கள் தர வேண்டிய பாக்கியை எத்தனை நாள் பழையது என்று வரிசைப்படுத்திப் பட்டியலிடுவது என் வேலை.

ஒரு நிதியாண்டின் கடைசி வாரத்தில் இன்வாய்ஸ்கள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்தன. டீலர்கள் யாரும் அவ்வளவு சரக்கு கேட்கவில்லை. இப்போது எடுத்துக்கொண்டால் பணத்தை ஐந்து மாதம் கழித்துத் தரலாம், விற்காததைத் திருப்பியும் அனுப்பலாம் என்று விற்பனைப் பிரிவு வாய்மொழியாக வாக்குக் கொடுத்திருந்தது. திரும்பி வரும் என்று எதிர்பார்க்கப்படும் சரக்கை வருமானமாகக் காட்டக் கூடாது என்பதே கணக்கியல் விதி. ஆனால் வாக்குறுதி எந்தக் காகிதத்திலும் இல்லாததால், தணிக்கையாளர் கையில் கிடைத்தவை இன்வாய்ஸும் சரக்கு கிடங்கை விட்டுச் சென்றதற்கான ரசீதும்தான், இரண்டுமே உண்மையானவை. தணிக்கையாளர்கள் என்மேல் பாய வேண்டாம், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

எண்களை மாற்றி, விகிதத்தை மட்டும் அப்படியே சொல்கிறேன். முந்தைய ஆண்டு விற்பனை 1000, ஆண்டு முடிவில் வரவேண்டிய பாக்கி 164. பாக்கியை விற்பனையால் வகுத்து 365 ஆல் பெருக்கினால் 60 நாள் வருகிறது. அதாவது விற்ற பணம் கைக்கு வரச் சுமார் இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த ஆண்டு விற்பனை 1200, லாபம் 100 இலிருந்து 120, இரண்டும் சரியாக 20 சதவீத வளர்ச்சி. பாக்கியோ 296 ஆகி, அதே கணக்கு 90 நாளைக் காட்டியது. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியபோது பாக்கி முக்கால் பங்குக்கும் மேல் கூடியிருந்தது. பாக்கியில் ஏறிய 132 கைக்கு வராத பணம் என்பதால், லாபம் 120 என்று அச்சிட்ட அதே அறிக்கையின் பணப்புழக்கப் பக்கத்தில், தொழில் நடவடிக்கையிலிருந்து கிடைத்த பணம் 20ஐக்கூட எட்டவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல பாடப்புத்தகங்கள் ஆண்டின் தொடக்கப் பாக்கிக்கும் இறுதிப் பாக்கிக்கும் சராசரி எடுக்கச் சொல்கின்றன. நாம் தேடுவதோ ஆண்டு முடிவில் வந்த வீக்கத்தை. சராசரி அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டிவிடும். ஆகவே இறுதிப் பாக்கியையே எடுங்கள். கூடவே கடைசிக் காலாண்டின் விற்பனையை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடும், அடுத்து வரும் முதல் காலாண்டோடும் ஒப்பிடுங்கள். எங்கள் முதல் காலாண்டு படுத்தேவிட்டது, ஏனென்றால் டீலர்களின் கிடங்கில் ஏற்கெனவே சரக்கு நிரம்பியிருந்தது, ஒரு பகுதி திரும்பியும் வந்தது.

இதைச் சொன்னால் பாக்கி கூடுவதெல்லாம் மோசடியா என்று கேட்பார்கள். இல்லை. ஆண்டுக் கடைசியில் இன்னொரு நிறுவனத்தை வாங்கியிருந்தால் அதன் முழுப் பாக்கியும் சேரும், விற்பனை சில வாரங்களுக்கு மட்டுமே சேரும். நீண்ட தவணை கேட்கும் புதிய வாடிக்கையாளர்கள் வந்திருந்தாலும் நாள் கணக்கு ஏறும். அப்படியானால் நிர்வாகம் அதைத் தானே விளக்கியிருக்கும். பாக்கி ஏறும்போது வாராக்கடனுக்கான ஒதுக்கீடு விகிதத்தில் குறைந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும்.

இந்த ஓட்டை அடுத்த ஆண்டு எப்படி மறைகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். எங்கள் நிறுவனம் ஆண்டு முடிவதற்குச் சில நாள் முன்பு 110 அளவுக்குப் பாக்கியை ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றுப் பணமாக்கியது. விற்பனை 1250, காட்டிய பாக்கி 206, நாள் கணக்கு மீண்டும் 60. பணப்புழக்கமும் செழிப்பாகத் தெரிந்தது, காரணம் அந்த 110 வசூலான பணம்போலவே அங்கே சேர்ந்துவிட்டது. விற்றதைத் திருப்பிச் சேர்த்தால் பாக்கி 316, நாள் கணக்கு 92. அமெரிக்காவின் சன்பீம் நிறுவனமும் 1997 இறுதியில் இதையே செய்தது. அவ்வாண்டுக்கு அது காட்டிய, வரிக்கு முந்தைய 189 மில்லியன் டாலர் லாபத்தில் குறைந்தது 60 மில்லியன் முறைகேட்டால் வந்தது என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னர் குற்றம் சாட்டியது.

என் பட்டியலை அந்த ஆண்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், பத்திகளின் அகலம் சரியில்லை என்று. விற்பனை மேலாளருக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. பாக்கியை விற்ற செய்தி ஆண்டறிக்கையில் இல்லாமல் போகவில்லை. நிதி இடர்கள் பற்றிய பின்குறிப்பில், வட்டி விகித அட்டவணைக்குக் கீழே, இரண்டு வரியாக அது இருந்தது.