ஸ்கேல் வைத்தால் 2.5, விடையில் 3: எதை நம்புவது?

"என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், திருமங்கலத்தில் இருக்கிறோம். டியூஷனில் கொடுத்த வடிவியல் ஷீட்டில் ABC என்று ஒரு முக்கோணம். AB = 6 செ.மீ., AC = 4 செ.மீ., BC = 5 செ.மீ. என்று போட்டு, AD என்பது A-யின் கோண இருசமவெட்டி, BD எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஸ்கேல் வைத்து அளந்து 2.5 என்று எழுதினான். நானும் அளந்தேன், 2.5தான் வருகிறது. BC-யை அளந்தால் சரியாக 5 செ.மீ. இருக்கிறது. ஆனால் 3தான் விடை என்று தப்பு போட்டுவிட்டார்கள். படம் தப்பா சார், விடை தப்பா?"

விடை 3தான் சரி. படத்திலும் தப்பில்லை, அது அளவுக்கு வரைந்த படம் இல்லை, அவ்வளவுதான். BC சரியாக 5 செ.மீ. இருந்ததுதான் உங்கள் இருவரையும் நம்ப வைத்திருக்கிறது, அதே ஸ்கேலை AB மேலும் AC மேலும் ஒரு தடவை வைத்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். நீங்கள் அனுப்பிய போட்டோவை BC 5 செ.மீ. வரும்படி பிரிண்ட் எடுத்து நான் அளந்து பார்த்தேன். AB 4.2 செ.மீ., AC-யும் 4.2 செ.மீ. அதாவது 6 என்று எழுதியிருக்கும் பக்கமும் 4 என்று எழுதியிருக்கும் பக்கமும் தாளில் ஒரே நீளம்! கேள்வியில் இருப்பது மூன்று பக்கமும் வெவ்வேறான முக்கோணம், தாளில் இருப்பது இருசமபக்க முக்கோணம். இருசமபக்க முக்கோணத்தில் உச்சிக் கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு அடிப்பக்கத்தின் நடுவில்தான் வந்து விழும், அதனால்தான் 2.5. உங்கள் மகன் அளந்ததில் பிழையே இல்லை, ஆனால் அவன் அளந்தது வேறொரு முக்கோணத்தை.

சரி, 3 எப்படி வருகிறது? D கோண இருசமவெட்டியின் மேல் இருக்கிற புள்ளி, அதனால் AB-க்கும் AC-க்கும் அதிலிருந்து செங்குத்தாக ஒரே தூரம். ஆகவே ABD, ACD என்ற இரண்டு முக்கோணங்களையும் AB, AC-யை அடிப்பக்கமாக வைத்துப் பார்த்தால் உயரம் ஒன்றே, பரப்புகளின் விகிதம் 6 : 4. அதே இரண்டு முக்கோணங்களையும் BD, DC-யை அடிப்பக்கமாக வைத்து A-யிலிருந்து பார்த்தாலும் உயரம் ஒன்றே, அப்போது பரப்புகளின் விகிதம் BD : DC. இரண்டும் ஒரே விகிதம்தானே, அதனால் BD : DC = 6 : 4 = 3 : 2, மொத்தம் 5, ஆக BD = 3, DC = 2. பாடப்புத்தகத்தில் கோண இருசமவெட்டித் தேற்றம் என்று இருப்பது இதுதான். இந்தக் கணக்கில் ஒரு இடத்தில்கூட தாளில் முக்கோணம் எப்படித் தெரிகிறது என்பதை நாம் தொடவில்லை, எழுதியிருக்கும் எண்களையும், A-யில் இரண்டு கோணமும் சமம் என்ற தகவலையும் மட்டுமே எடுத்தோம், அதனால் படம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் விடை மாறாது.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளைத்தாளில் BC-யை 5 செ.மீ. வரைந்து, B-யில் காம்பஸை ஊன்றி 6 செ.மீ. வில், C-யில் ஊன்றி 4 செ.மீ. வில் போடச் சொல்லுங்கள், இரண்டும் வெட்டும் இடம் A. A அநேகமாக C-க்கு நேர் மேலேயே போய் நிற்கும், சுமார் அரை சென்டிமீட்டர்தான் B பக்கம் தள்ளி. B-யில் கோணம் 41 டிகிரி சொச்சம், C-யில் 83-க்குப் பக்கம். ஷீட்டில் இரண்டு கோணமும் ஒன்றுபோல 53 டிகிரியாக இருந்ததே, அதோடு இதை வைத்துப் பாருங்கள், உருவமே வேறு. இப்போது A-யின் கோணத்தைக் காம்பஸால் இரண்டாகப் பிரித்துக் கோட்டை இறக்கினால், B-யிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் BC-யை வெட்டும். பென்சில் முனை மழுங்கி இருந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போகலாம்.

ஏன் இப்படிப் படம் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் மதுரையில் இருபது வருஷமாக ஷீட் தயாரிக்கிறவன், அதனால் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதையே பத்து கணக்குக்கு ஒட்டி எண்களை மட்டும் மாற்றுவோம், ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி வைக்க வேண்டும், எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. சில சமயம் வேண்டுமென்றேதான் அளவு மாற்றி வரைவோம், இல்லையென்றால் பையன்கள் தேற்றத்தை விட்டுவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுவார்கள். ஆனால் 'படம் அளவுக்கு வரையப்படவில்லை' என்று ஒரு வரி கீழே போட்டிருக்க வேண்டும், உங்கள் ஷீட்டில் அது இல்லை, அது தயாரித்தவரின் குறைதான்.

சரியாக வரைந்த படம்கூட கைக்கு வரும்போது மாறியிருக்கலாம். ஜெராக்ஸில் கொஞ்சம் சுருங்கினால் 5 செ.மீ. 4.8 ஆகிவிடும், ஆனால் எல்லாப் பக்கமும் அதே அளவில் சுருங்குவதால் விகிதமும் கோணமும் அப்படியே இருக்கும். மோசமானது, படத்தை இடத்துக்குப் பொருத்த ஓரத்தைப் பிடித்து அகலமாக மட்டும் இழுப்பது. அப்போது BD : DC என்ற விகிதம் தப்பிக்கும், ஏனென்றால் ஒரே கோட்டில் இருக்கும் துண்டுகள் சேர்ந்தே நீளும், ஆனால் A-யில் இருந்த சம கோணங்கள் சமமாக இருக்காது. கண்டுபிடிக்க வழி சுலபம்: ஷீட்டில் எங்காவது வட்டம் இருந்தால் அதன் விட்டத்தைக் கிடையாகவும் நெடுக்காகவும் அளந்து பாருங்கள், இரண்டும் வேறாக இருந்தால் படங்களை இழுத்திருக்கிறார்கள். வட்டம் இல்லையென்றால், கேள்வியில் எண் கொடுத்திருக்கும் எல்லாப் பக்கத்தையும் அளந்து, தாளில் இருக்கும் நீளத்தைக் கொடுத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் BC-க்கு 1 வருகிறது, AB-க்கு 0.7, AC-க்கு 1.05. அளவுக்கு வரைந்திருந்தால் மூன்றும் ஒன்றாக வந்திருக்கும்.

அப்போது படத்தில் எதைத்தான் நம்புவது? D என்பது B-க்கும் C-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, எந்தக் கோடு எதை வெட்டுகிறது, இதையெல்லாம் நம்பலாம். குறியீடுகளையும் நம்பலாம்: A-யில் இரண்டு பக்கமும் போட்டிருக்கும் ஒரே மாதிரி வில், செங்கோணத்துக்குச் சின்னக் கட்டம், சம பக்கங்களில் குறுக்குக்கோடு, இணைகோட்டுக்கு அம்புக்குறி. குறி இல்லாமல் கண்ணுக்குச் செங்கோணம் மாதிரி, நடுப்புள்ளி மாதிரி தெரிவதை எடுக்கக் கூடாது. இதே கணக்கில் அடுத்து ABD, ACD பரப்புகளின் விகிதம் கேட்டால், D-யை நடுப்புள்ளி என்று நம்பிய பையன் 1 : 1 என்று எழுதுவான், உண்மையில் 3 : 2.

ஸ்கேலை அடியோடு தூக்கிப் போட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வி இருக்கிறதே, அங்கே அளந்துதான் ஆக வேண்டும். ஆரம் 3 செ.மீ. வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி, அதிலிருந்து தொடுகோடு வரை என்றால், பையன் காம்பஸால் வரைந்து அளந்து 4 செ.மீ. என்று எழுதுகிறான், பிறகு 5² − 3² = 4² என்று சரிபார்க்கிறான். அந்தக் கேள்வியிலும் முதலில் கையால் போடும் உதவிப்படத்தில் யாரும் ஸ்கேல் வைப்பதில்லை. உங்கள் மகனிடம் அதைச் சொல்லுங்கள்: ஷீட்டில் அச்சாகி வருகிற படமும் ஒரு உதவிப்படம்தான், அவனே அளவெடுத்து வரைந்த படத்தில் மட்டும் அளக்கட்டும்.