மசக்கையில் எச்சில், உலோகச் சுவை, வாசனை வெறுப்பு: கேள்வி பதில்

மகப்பேறுப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக இருந்தவள் நான். முதல் மூன்று மாதம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து விஷயம் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மழைத்துளி: சிஸ்டர், எனக்கு 9-வது வாரம். வாய் முழுக்க எச்சில் ஊறுகிறது, பாட்டில் வைத்துத் துப்பிக்கொண்டே இருக்கிறேன். நேற்று அளந்து பார்த்தேன், காலையிலிருந்து இரவுவரை 700 மில்லி. எடை 54 கிலோவிலிருந்து 52.5 ஆகிவிட்டது. சுரப்பியில் கோளாறா? குழந்தைக்கு ஆபத்தா?

நீங்கள் அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. எல்லோருக்குமே ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை எச்சில் சுரக்கிறது. சுரக்கச் சுரக்க விழுங்கிவிடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை. உங்களுடைய 700 மில்லி அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. அதனால் சுரப்பி வழக்கமான வேலையைத்தான் செய்கிறது, விழுங்குவதுதான் நின்றுபோயிருக்கிறது என்று நினைக்கிறேன். குமட்டல் இருக்கும்போது தொண்டைக்குள் எது இறங்கினாலும் புரட்டிக்கொண்டு வரும், எச்சிலும் அப்படித்தான். அதனால் உங்களை அறியாமலே விழுங்குவதை நிறுத்திவிடுகிறீர்கள், அது வாயிலேயே தேங்குகிறது.

கூடுதலாகச் சுரப்பதும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாந்தி வருவதற்குச் சற்று முன்னால் வாயில் தண்ணீர் ஊறுமே, அது வயிற்றிலிருந்து வரும் அமிலத்திலிருந்து பல்லைக் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு. நாள் முழுக்க குமட்டல் இருப்பவருக்கு அந்த ஊறலும் நாள் முழுக்க இருக்கும். அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினாலும் இதேதான் நடக்கும். சிலருக்கு இரண்டு லிட்டரைத் தாண்டிப் போவதும் உண்டு, அப்போது சுரப்பே கூடியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

எச்சிலால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. நான் கவனிப்பது உங்கள் எடையையும் தண்ணீரையும்தான். 54 கிலோவில் ஒன்றரை கிலோ என்றால் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சாதாரண மசக்கை என்று விட மாட்டோம். உங்கள் கணக்கில் 51.3 கிலோதான் அந்த எல்லை. வாரம் ஒருமுறை, காலையில், அதே எடைக் கருவியில் பாருங்கள்.

வெளியே போகும் 700 மில்லியை, வழக்கமாகக் குடிக்கும் அளவுக்கு மேல் கூடுதலாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் திரும்பி வந்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை 40 மில்லி, அதாவது இரண்டு வாய், குளிர்ச்சியாகக் குடியுங்கள். விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 2 லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, 8 மணி நேரம் சிறுநீரே வராமல் இருப்பது, எழுந்தால் தலை சுற்றுவது, ஒரு நாள் முழுக்க எந்தத் திரவமும் தங்காமல் போவது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எச்சிலைத் தனியாகக் குறைக்கப் பார்ப்பதைவிடக் குமட்டலை அடக்குவதுதான் பெரும்பாலும் பலன் தரும். பி6 வைட்டமினும் டாக்ஸிலமைனும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுக்கப்படுகிறது. தூக்கம் வரவைக்கும் என்பதால் வழக்கமாக இரவில் தொடங்குவார்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

தென்றல்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எச்சிலைத் துப்பவே கூடாது. துப்பத் துப்ப அதிகமாகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிப் பழகினேன், சரியாகிவிட்டது.

விழுங்க முடிந்தால் விழுங்குவதுதான் நல்லது, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தண்ணீர் உடம்புக்கே திரும்புகிறது. துப்பும்போது வாயும் நாக்கும் அசைவதால் சிறு தூண்டல் இருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் விழுங்கினாலே வாந்தி வருகிறவரைக் கட்டாயப்படுத்தினால், எச்சிலோடு சாப்பிட்டதும் போய்விடும். அப்படிப்பட்டவர் துப்பட்டும். ஓங்கித் துப்புவதற்குப் பதில் மெல்லிய துணியில் ஒற்றி எடுக்கலாம். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்து விழுங்கிப் பார்க்கலாம், தனி எச்சிலைவிட அது எளிதாக இறங்குகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நதிக்கரை: வாயில் எந்நேரமும் காசை நக்கியது போல ஒரு ருசி. எனக்கு இன்னும் இரும்பு மாத்திரையே தொடங்கவில்லை. பின்னே இது எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு சோதனை. அந்த ருசி நன்றாகத் தெரியும் நேரத்தில் மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சுவிட்டுப் பாருங்கள். ருசி மங்கினால், நீங்கள் ருசி என்று நினைப்பதில் ஒரு பங்கு வாசனைதான். இரும்பு எச்சிலில் கலக்கும்போது வாயில் உள்ள கொழுப்போடு வினைபுரிந்து ஒரு வாசனைப் பொருள் உண்டாகிறது. அது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது.

மாத்திரை இல்லாமல் இரும்பு எப்படி வந்தது என்றால், ஈறைப் பாருங்கள். கர்ப்பத்தில் ஈறுகள் சீக்கிரம் வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் கசியும். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. காலையில் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருந்தால் பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் அதைச் செய்யலாம், தள்ளிப்போட வேண்டியதில்லை.

மூக்கைப் பிடித்தும் ருசி அப்படியே இருந்தால் அது நாக்கின் சுவை உணர்விலேயே வந்த மாற்றம். ஈஸ்ட்ரோஜன்தான் காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் எந்த வழியில் அப்படி ஆகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. புளிப்பு அந்த ருசியை மறைக்கும், எலுமிச்சை கலந்த தண்ணீர் போதும். ஆனால் வாந்தி எடுத்த உடனே புளிப்பும் வேண்டாம், பல் துலக்குவதும் வேண்டாம். அந்த நேரத்தில் பல்லின் மேற்பரப்பு அமிலத்தால் இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கோலம்: எனக்கு அந்த ருசி மாத்திரையால்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். 7-வது வாரம். தப்பா?

இரும்பு மாத்திரையால் அந்த ருசி வரும் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தியதில் போலிக் அமிலமும் போய்விட்டதே, அதுதான் எனக்குக் கவலை. அது 12-வது வாரம்வரை வேண்டும், அந்த ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. அதை இன்றே மறுபடி தொடங்குங்கள். இரும்பை மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள். வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றலாம், படுக்கும் நேரத்துக்குத் தள்ளலாம். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தால் சில வாரம் கழித்துத் தொடங்கலாம் என்றுகூட அவரே சொல்லக்கூடும்.

வழிப்போக்கன்: வணக்கம் சிஸ்டர். என் மனைவிக்கு 8-வது வாரம். வெங்காயம் வதக்கினால் இரண்டு அறை தள்ளி இருந்தாலும் ஓடுகிறாள். நான் சோப்பு போட்டுக் குளித்து வந்தாலும் தள்ளிப் போகச் சொல்கிறாள். மோப்ப சக்தி இவ்வளவு கூடுமா? என் மேலேயே வெறுப்பா என்று தோன்றுகிறது.

உங்கள் மேல் வெறுப்பு இல்லை தம்பி. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் மூக்கு கூர்மையாகிவிட்டது என்றே சொல்கிறார்கள். ஆனால் மிக மெல்லிய வாசனையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதித்தால், அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதே அளவு வாசனைதான் மூக்கில் ஏறுகிறது, அதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மாறுகிறது. நேற்றுவரை சும்மா இருந்த வாசனை இன்றைக்கு அருவருப்பாகிறது.

இதற்கும் குமட்டலுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. நஞ்சுக்கொடி ஜிடிஎஃப்15 என்ற ஒரு புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. பின்மூளையில் குமட்டலை உண்டாக்கும் இடத்தில் அதற்கென ஏற்பி இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்தப் புரதம் உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்குத்தான், திடீரென்று கூடும்போது அதிகம் தாக்குகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒன்றும் இல்லாமல் தங்கைக்குப் படுக்கையே கதியாகிப் போவது ஏன் என்பதற்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது. வாசனை மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதை அது முழுதாக விளக்கிவிடவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. குமட்டும்போது முகர்ந்ததையும் சாப்பிட்டதையும் மூளை குற்றவாளியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். ஒருநாள் வெங்காய வாசனையோடு வாந்தி வந்திருந்தால், மறுநாள் வாசனையே வாந்தியை வரவைத்துவிடும். அதனால் அவருக்கு ரொம்பப் பிடித்த உணவை மோசமான நேரத்தில் கொடுக்காதீர்கள், அதுவும் வெறுத்துப்போகும். சூடான உணவிலிருந்து வாசனை அதிகம் எழும், ஆறவைத்தோ குளிர்ச்சியாகவோ கொடுங்கள். வாசனை இல்லாத சோப்புக்கு மாறுங்கள். அறையில் வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம், ஒரு தொல்லை இரண்டாகிவிடும். ஜன்னலைத் திறந்தால் போதும்.

பூந்தளிர்: இது குழந்தையைக் காக்க இயற்கை செய்யும் வேலை என்று படித்தேன். எனக்கு 7-வது வாரத்தில் இதில் எதுவுமே இல்லை. அப்போ என் கரு சரியில்லையா?

அப்படி ஒரு கருத்து இருக்கிறது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் நேரத்தில் கெட்டுப்போன உணவிலிருந்து தாயை விலக்கி வைக்கத்தான் மசக்கை என்பார்கள். எனக்கும் அது பிடித்த கருத்து, ஆனால் நிரூபணமாகவில்லை. மசக்கை உள்ளவர்களிடம் கருச்சிதைவு சற்றுக் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். அதைத் தலைகீழாகத் திருப்பி, மசக்கை இல்லையென்றால் கரு சரியில்லை என்று சொல்ல முடியாது. எதுவுமே தெரியாமல் நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறைய. ரத்தக் கசிவோ அடிவயிற்று வலியோ இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

சிட்டுக்குருவி: என் 8 மாதக் குழந்தைக்கும் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அதே மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. நாங்கள் பேசுவது கர்ப்பிணிகளைப் பற்றி. அந்த வயதில் குழந்தைக்கு எச்சில் ஒழுகுவது இயல்பு. பால் குடிக்காமலோ மூச்சுத் திணறியோ காய்ச்சலோடோ இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

மழைமேகம்: 19-வது வாரம். குமட்டல் போய் ஒரு மாதம் ஆகிறது, எச்சில் மட்டும் போகவில்லை. எப்போதுதான் நிற்கும்?

குமட்டல் போனபின் எச்சிலும் குறைவதுதான் வழக்கம். ஆனால் சிலருக்குப் பேறுகாலம்வரை நீடிக்கும், குழந்தை பிறந்த பிறகு தானாக நின்றுவிடும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் எதுக்களிப்பைச் சந்தேகிப்பேன். படுத்தால் நெஞ்சு எரிகிறதா, புளிப்பு நீர் தொண்டைக்கு வருகிறதா? ஆமாம் என்றால் அமிலத்துக்கான மருந்தே எச்சிலைக் குறைக்கக்கூடும். சுரப்பை நேரடியாகக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல் என்று தொல்லை தரும், பலன் எவ்வளவு என்பதிலும் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதனால் அதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள்.

ஐஸ்கட்டி, மண், பச்சையாக மாவு என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். அப்படியிருந்தால் இரும்புச் சத்தைச் சோதிக்க வேண்டும். விழுங்கும்போது வலி, தாடைக்குக் கீழ் வீக்கம், முகத்தில் ஒரு பக்கம் தொங்குவது போன்றவை இருந்தால் அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதாமல், காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.