வைஃபையை இழுப்பது டிவியா, போனா?

“காட்பாடியில் இருக்கிறோம். இன்டர்நெட் பிளான் இறக்கம் 50, ஏற்றம் 5 எம்பிபிஎஸ். ராத்திரி 9 மணி ஆனால் பெண்ணின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திக்கி வருகிறது. வீட்டில் டிவியோடு ஏழு கருவிகள். யார் இழுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போங்கள். Traffic Statistics என்ற பக்கம் பல ரவுட்டர்களில் உண்டு. சிலவற்றில் அதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். வகுப்பு தொடங்கும்போது அந்தப் பக்கத்தில் உள்ள Reset அழுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் கணக்கு பெரும்பாலும் சைபரிலிருந்து தொடங்கும். அப்போது மறுபடி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டிலும் இதே பிளான், இதே தொல்லை. அரை மணி நேரத்தில் டிவி 1.5 ஜிபி, ஒரு போன் 1.1 ஜிபி, மற்றவை சொற்பம். டிவிதான் காரணம் என்று எல்லோரும் அதை அணைக்கப் போனார்கள். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. 1.5 ஜிபியை அரை மணிக்குப் பிரித்தால் ஏறக்குறைய 7 எம்பிபிஎஸ். 50-ல் அது பெரிதில்லை. 1.1 ஜிபி என்பது 5 எம்பிபிஎஸ் அளவு. அதாவது அந்தப் போன் ஏற்றப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. குடியாத்தத்தில் கல்யாணம் முடிந்து வந்த தம்பியின் போன். எடுத்த வீடியோக்களெல்லாம் தானாக பேக்கப் ஆகிக்கொண்டிருந்தன. ஏற்றம் அடைபட்டால் வகுப்புக்குப் போகும் குரலும் படமும் வரிசையில் நிற்கும். பாடத்தை அனுப்பச் சொல்லும் கோரிக்கையும் அதே வரிசையில்தான் நிற்கிறது, அதனால் இறக்கமும் தடுமாறும்.

பல ரவுட்டர்கள் ஏற்றம், இறக்கம் இரண்டையும் சேர்த்தே காட்டும். அப்போது சந்தேகத்தை இப்படித் தீர்க்கலாம். வகுப்பு நடக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் Command Prompt திறந்து

```
ping -t 8.8.8.8
```

என்று ஓடவிட்டு, ஒவ்வொரு கருவியிலும் இரண்டிரண்டு நிமிடம் வைஃபையை அணையுங்கள். நண்பர் வீட்டில் தம்பியின் போனில் அணைத்ததும், பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் ms எண் 300-ஐத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது 20-க்கு இறங்கி நின்றது. டிவியை அணைத்தபோது அசையவே இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாமல் வெறும் ஐபி எண் இருந்தால், போனின் வைஃபை விவரத்தில் அதே எண்ணைத் தேடுங்கள். MAC முகவரியை நம்பி யாருடையது என்று முடிவு செய்யாதீர்கள்; இப்போதைய போன்கள் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். பட்டியலில் கம்ப்யூட்டர் முன்னால் நின்றால், விண்டோஸில் Settings-க்குள் Data usage போய்ப் பாருங்கள். எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று இருக்கும். பெரும்பாலும் அப்டேட்தான்.

அப்புறம், போன் பேக்கப்பை நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள், படங்கள் போனால் வராது. வகுப்பு நேரத்தில் மட்டும் நிறுத்தி, படுக்கப் போகும்போது திறந்துவிடச் சொல்லுங்கள். ரவுட்டரில் Bandwidth Control இருந்தால் அந்தப் போனின் ஏற்றத்தை 2 எம்பிபிஎஸ்ஸுக்குள் கட்டிவைத்தாலே போதும். கம்பெனி கொடுத்த ரவுட்டரில் Traffic Statistics பக்கமே இல்லையென்றால், மேலே சொன்ன ping சோதனை ஒன்றை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம்.