கன்னத்துத் தழும்பும் கல்யாண ரிசப்ஷனும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. பருத் தழும்பால் இரண்டு கன்னமும் குழி குழியாக இருக்கும். எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. தப்பித் தவறிப் போனாலும் துப்பட்டாவால் கன்னத்தை மறைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். அடுத்த மாதம் சித்தப்பா பெண்ணுக்கு ரிசப்ஷன். நினைத்தாலே வயிறு கலக்குகிறது. என்ன செய்யட்டும்?

எஸ்., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள எஸ்.,

க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருடைய முகத்தில் மேக்கப்பால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு காய்ந்து உதிராமலிருக்க க்ரீம் தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலேயே அதை அழித்துவிட்டார்கள். அப்புறம் வேறொருவரோடு பேசவைத்தார்கள். பேசி முடித்தவர்கள், எதிரில் இருந்தவர் தங்கள் தழும்பைப் பார்த்துச் சங்கடப்பட்டதாகச் சொன்னார்கள். முகத்தில்தான் ஒன்றுமே இல்லையே!

உங்கள் தழும்பு நிஜம்தான். ஆனால் மற்றவர் பார்வைக்கு நீங்கள் சொல்லும் அர்த்தம் நிஜமா என்பது தனிக்கேள்வி. துப்பட்டாவும் போனும் அதைச் சோதிக்க விடுவதில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் ‘மறைத்ததால் தப்பித்தேன்’ என்று மனசு கணக்கெழுதிக்கொள்ளும். தலை குனிந்திருப்பவரிடம் யாரும் வந்து பேசவும் மாட்டார்கள். அதையும் தழும்பின் மேலேயே போடுவீர்கள்.

முதலில் சின்னதாக ஒன்று. ஒரு சாயங்காலம் தட்டுவடை செட் கடைக்குப் போங்கள். கிளம்பும் முன் ‘கடைக்காரர் என் கன்னத்தையே பார்ப்பார், முகம் சுளிப்பார்’ என்று நினைப்பதை அப்படியே எழுதிவையுங்கள். துப்பட்டாவைத் தோளில் பின் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கை தானாக அதை இழுக்கும். காரம் கம்மியாக என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். வந்ததும், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எதிரே எழுதுங்கள். ‘கேவலமாக நினைத்திருப்பார்’ என்பது அதில் சேராது. படபடப்பு முதல் தடவையே போகாது. அதே கடைக்கு நாலைந்து முறை போகவேண்டியிருக்கும்.

ரிசப்ஷனுக்கு, கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். தாமதமாகப் போனால் நிறைந்த மண்டபத்தைக் கடந்து மேடைக்கு நடக்கவேண்டும், அதுதான் கொடுமை. வாசலில் சந்தனம், கல்கண்டு கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர்களிடம் சொல்ல ‘வாங்க’ என்ற ஒரு வார்த்தை போதும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அப்படி ஓடினால் ஓடியதுதான் காப்பாற்றியது என்று மனசு நம்பிவிடும். கொஞ்சம் தணிந்தபின் தாராளமாகக் கிளம்பலாம்.

தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்கிறீர்கள், வேலைக்கே போக முடியவில்லை என்றால் இதெல்லாம் போதாது. சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தும் பேசலாம்.

‘என்னடி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?’ என்று ஏதாவது ஒரு அத்தை கேட்கத்தான் செய்வார். நம் ஊரில் அது நலம் விசாரிப்பில் சேர்த்தி! ‘பரு வந்த தழும்பு அத்தை. சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டுப் பந்திக்கு அனுப்பிவிடுங்கள்.