பாதிப் புத்தகம் ஒரே எண்ணில் வந்து நின்றால்

கேள்வி: செந்தூலில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் சிறிய நூலகம் வைத்திருக்கிறோம். சுமார் 1,200 புத்தகங்கள், எட்டு அலமாரிகள். பள்ளி நூலகத்தில் போடுவதுபோல் டியூவி எண் போட்டுப் பார்த்தோம். கதைப் புத்தகமெல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. வருகிறவர்கள் எதற்கும் எங்களைத்தான் கேட்கிறார்கள். எப்படி அடுக்குவது?

பதில்: டியூவி 1876-இல் வெளியிட்ட, பொருளுக்குப் பொருள் எண் கொடுக்கும் அந்த முறையில் 800 என்பது இலக்கியம். அதில் 810 முதல் 880 வரை அமெரிக்க, ஆங்கில, ஐரோப்பிய இலக்கியங்கள் எடுத்துக்கொண்டன. உலகின் மற்ற மொழிகளுக்கெல்லாம் சேர்த்து மிஞ்சியது 890 ஒன்றுதான். அதனால் தமிழுக்கு 894.811 என்று நீளமான எண். தமிழ்க் கதைகளுக்கு 894.8113. ஐந்நூறு நாவலும் சிறுகதைத் தொகுப்பும் இருந்தால் ஐந்நூறுக்கும் அதே எண்தான். பெரிய நூலகத்துக்கு அது பயன்படும். உங்கள் அலமாரிக்கு அது சுமை.

எண்ணை முழுக்கத் தூக்கிப்போட வேண்டாம். கட்டுரை நூல்களுக்கு முதல் மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மொழி 400-களில், சமையல் 641, மலேசிய வரலாறு 959. கதைக்கு எண்ணே வேண்டாம். ‘நாவல்’, ‘சிறுகதை’, ‘கவிதை’ என்று எழுத்திலேயே ஒட்டுங்கள்.

அலமாரியைத் தொடும் முன் எல்லாப் புத்தகத்தையும் தரையில் குவியல் குவியலாகப் பிரியுங்கள். குவியலின் அளவுதான் எத்தனை பிரிவு என்று சொல்லும். பதினைந்துக்கும் குறைவாக உள்ள குவியலைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடலாம். யோகாவும் சித்த மருத்துவமும் ‘உடல்நலம்’ என்று ஒன்றாக நிற்கட்டும். நூற்றைம்பதைத் தாண்டுவதை மட்டும் உடைக்கலாம். பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பிரிவில் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் வாசகருக்குப் பலகையைப் படிப்பதே ஒரு வேலை. பழைய யூ.பி.எஸ்.ஆர் பயிற்சிப் புத்தகங்கள் நன்கொடையாக நிறைய வந்திருக்கும். அந்தத் தேர்வு 2021-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, தயங்காமல் கழித்துவிடுங்கள்.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களைத் தமிழ்நாட்டு எழுத்தாளர்களோடு கலக்காமல் வாசலுக்கு எதிரே தனி அலமாரியில் வையுங்கள் என்பேன். பொருள்வாரி முறைக்கு இது சற்று முரண்தான். ஆனால் நம் ஊர் எழுத்து எங்கே என்று கேட்டு வருகிறவருக்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

சிக்கல் இரண்டு பிரிவுக்கும் பொருந்தும் புத்தகத்தில்தான் வரும். சயாம் மரண ரயில் பற்றி ஒரு நாவலும், அங்கே வேலை செய்தவரின் நினைவுக் குறிப்பும் வந்தால் எங்கே வைப்பது? கற்பனை என்றால் வடிவத்தைப் பாருங்கள்: அது நாவல். நடந்ததைச் சொன்னால் பொருளைப் பாருங்கள்: அது வரலாறு. இப்படி எடுத்த ஒவ்வொரு முடிவையும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை வருகிற தொண்டர் ஒரு மாதிரியும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் வேறு மாதிரியும் வைப்பார்கள்.

பிரிவுக்குள் ஆசிரியர் பெயர் வரிசை. இங்கேதான் பெரும்பாலான சிறு நூலகங்கள் குழம்புகின்றன. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள்: மு. வரதராசன் ‘வ’வில், கி. ராஜநாராயணன் ‘ரா’வில். புனைபெயரில் அறியப்பட்டவர் அந்தப் பெயரிலேயே நிற்கட்டும். கல்கியை யாரும் கிருஷ்ணமூர்த்தி என்று தேடுவதில்லை. ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் ‘ன’வுக்குப் பிறகு, வரிசையின் கடைசியில்.

முதுகுச் சீட்டில் இரண்டு வரி போதும்: மேலே பிரிவு, கீழே பெயரின் முதல் எழுத்து. எல்லாச் சீட்டும் அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே கோட்டில் இருந்தால், இடம் மாறிய புத்தகம் தூரத்திலிருந்தே தெரியும். முதுகே இல்லாத மெல்லிய நூல்களுக்கு அட்டையின் இடது மேல் மூலையில் ஒட்டி, பெட்டியில் நிறுத்துங்கள்.

எட்டு அலமாரி, ஐந்து தட்டு என்றால் நாற்பது தட்டு. தட்டுக்கு முப்பது புத்தகம். தொண்ணூறு சென்டிமீட்டர் தட்டில் இது முக்கால் பங்குதான் நிரப்பும். மீதி இடம் வரப்போகும் புத்தகத்துக்கு. ஓர் அலமாரியை மேலிருந்து கீழாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். மேல் தட்டையே எட்டு அலமாரிக்கும் நீட்டினால் வாசகர் அறையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

எடுத்த புத்தகத்தை வாசகரே திரும்ப வைக்க வேண்டாம். மேசையில் ஒரு கூடை வைத்து அதில் போடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்களிடம் எந்தப் பிரிவை அதிகமாகக் கேட்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். அந்தப் பலகையின் பெயரோ இடமோ சரியில்லை. ‘மற்றவை’ என்ற பிரிவு ஒரு தட்டைத் தாண்டினால், அதற்குள் ஒரு புதுப் பிரிவு ஒளிந்திருக்கிறது, இறக்கிப் பிரித்துவிடுங்கள்.